வரி மன்னிப்புத் திட்டம்: அடுத்தது வரும்வரை காத்திருக்கச் சொல்லித் தருகிறதா?

வரி கட்டாமல் மறைத்த வருமானத்தையோ சொத்தையோ ஒரு காலக்கெடுவுக்குள் நாமாகவே முன்வந்து சொல்லி, அரசு கேட்கும் தொகையைக் கட்டிவிட்டால், அபராதம் இல்லை, வழக்கு இல்லை, பணம் எங்கிருந்து வந்தது என்று கேள்வியும் இல்லை. வரி மன்னிப்புத் திட்டம் என்றால் சுருக்கமாக இவ்வளவுதான். சில நாடுகள் வட்டியையும் விட்டுவிடும். இன்னும் சில நாடுகள் வரியிலேயே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும். துறை ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்து, மேல்முறையீட்டில் கிடக்கும் நிலுவையைப் பேசித் தீர்க்கும் சமாதானத் திட்டங்கள் வேறு வகை. அங்கே அரசுக்குத் தொகை தெரியும். இங்கே நாம் பேசப்போவது அரசுக்குத் தெரியாமல் இருக்கும் பணத்தைப் பற்றி.

திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வது: உடனே பணம் வருகிறது, வரி வலைக்கு வெளியே இருந்தவர் உள்ளே வருகிறார், அடுத்த ஆண்டிலிருந்து அவர் முறையாகக் கட்டுவார். எதிர்ப்பவர்கள் சொல்வது: இன்று மன்னித்தால் நாளையும் மன்னிப்பார்கள் என்று எல்லோரும் கற்றுக்கொள்வார்கள், ஒழுங்காகக் கட்டுகிறவர்கூடக் கட்டாமல் விடுவார். இரு தரப்பும் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் விவாதம் முடியாது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால், எந்த வகைத் திட்டம் ஏய்ப்பை வளர்க்கும், எது வளர்க்காது என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஏய்ப்பவரின் கணக்கு

ஒருவர் 100 ரூபாய் வரி கட்ட வேண்டும். கட்டாமல் மறைக்கலாமா என்று யோசிக்கிறார். பழைய கணக்கைத் துறை தோண்டிப் பார்க்கச் சட்டம் அனுமதிக்கும் காலம் ஆறு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு ஆண்டுக்குள் பிடிபடும் வாய்ப்பு 40 சதவீதம். பிடிபட்டால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 250 ரூபாய். அப்படியானால் மறைப்பதால் அவருக்கு ஏற்படக்கூடிய சராசரிச் செலவு, 250-இல் 40 சதவீதம், அதாவது 100 ரூபாய். நேர்மையாகக் கட்டினாலும் 100, மறைத்தாலும் சராசரியாக 100. இவர் மதில்மேல் பூனை. இவரை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் முழு விவாதமும். (உண்மையில் எல்லோரும் இப்படிக் கணக்குப் போட்டு நடப்பதில்லை. மானம், பயம், பழக்கம் எல்லாம் உண்டு. ஆனால் திட்டத்தின் வடிவம் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பார்க்க இந்தக் கணக்கு போதும்.)

இப்போது மூன்றாம் ஆண்டு முடிவில் மன்னிப்புத் திட்டம் வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று கொள்வோம். முதல் மூன்று ஆண்டில் பிடிபடும் வாய்ப்பு 20 சதவீதம். அதற்கான சராசரிச் செலவு 50 ரூபாய். மீதி 80 சதவீத வாய்ப்பில் அவர் தப்பித்துத் திட்டத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறார். அங்கே அரசு கேட்பது 40 ரூபாய் என்றால், 40-இல் 80 சதவீதம், 32 ரூபாய். மொத்தச் செலவு 82. நேர்மையாகக் கட்டினால் 100. ஆக, திட்டம் வரும் என்று தெரிந்ததுமே மதில்மேல் இருந்தவர் ஏய்ப்புப் பக்கம் குதித்துவிடுகிறார்.

அதே வாசலில் அரசு கேட்பது முழு வரியான 100 ரூபாய் என்றால்? 50-உம் 80-உம் சேர்ந்து 130. முதலிலேயே கட்டியிருக்கலாம் என்று ஆகிவிடும். இந்த விலையில் திட்டம் ஏய்ப்பைத் தூண்டாது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. முதல் மூன்று ஆண்டில் தப்பித்தவருக்கு, அடுத்த மூன்று ஆண்டில் மாட்டும் வாய்ப்பு 25 சதவீதம்தான் (80-இல் 20). பேசாமல் இருந்தால் அவருக்குச் சராசரிச் செலவு 62 ரூபாய் 50 பைசா. அப்படியிருக்க 100 ரூபாய் கொடுத்து ஏன் வாசலுக்கு வருவார்? வரமாட்டார். அவரை வரவைக்க இரண்டே வழிகள். ஒன்று, விலையை 62.50-க்குக் கீழே இறக்குவது. மேலே பார்த்தபடி அது அடுத்த தலைமுறை ஏய்ப்பவரை உருவாக்கும். இரண்டாவது, திட்டம் முடிந்ததும் பிடிபடும் வாய்ப்பு கூடும் என்று அவரை நம்பவைப்பது. 25 சதவீதம் 60 சதவீதமாக உயர்ந்தால், சும்மா இருப்பதன் செலவு 150 ரூபாய். அப்போது 100 ரூபாயை அவரே கொண்டுவந்து கட்டுவார்.

விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மலிவு விலையால் கூட்டம் சேர்க்கும் திட்டமும், கண்காணிப்பு பற்றிய பயத்தால் கூட்டம் சேர்க்கும் திட்டமும் செய்தித்தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் கோடிகள் குவிந்ததாகத் தலைப்பு வரும். பின்விளைவு மட்டும் நேர் எதிர்.

மலிவு என்பது எப்போதும் வெளிப்படையாக இருக்காது. "முழு வரியும் கட்ட வேண்டும், வட்டி மட்டும் தள்ளுபடி" என்ற அறிவிப்பைக் கேட்டால் கண்டிப்பானதாகத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் 100 ரூபாய் மூன்று ஆண்டில் 126 ரூபாய் ஆகிறது. அந்த 100 ரூபாயைத் தன் தொழிலிலேயே சுழற்றிவிட்டு, மூன்றாம் ஆண்டில் அதே 100-ஐக் கட்டுகிறவர் உண்மையில் சுமார் 79 ரூபாய்தான் கட்டுகிறார். பத்து ஆண்டு மறைத்தவர் 46 ரூபாய். அதிக காலம் மறைத்தவருக்கு அதிகச் சலுகை என்று எந்த அரசும் அறிவிக்காது. ஆனால் வட்டித் தள்ளுபடி செய்வது அதைத்தான்.

அயர்லாந்தின் இரண்டு திட்டங்கள்

ஒரே நாட்டில், ஐந்து ஆண்டு இடைவெளியில், இந்த இரு வகைகளும் நடந்தன. 1988 ஜனவரி பட்ஜெட்டில் அயர்லாந்து அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. செப்டம்பர் 30-க்குள் நிலுவை வரியை முழுமையாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் இல்லை. அரசு எதிர்பார்த்தது 3 கோடி ஐரிஷ் பவுண்டு. வந்தது சுமார் 50 கோடி.

இவ்வளவு வரக் காரணம் தள்ளுபடி மட்டும் அல்ல. அதே சமயத்தில் சுயதொழில் செய்பவர்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை வந்தது. பாக்கிதாரருக்கு வரவேண்டிய பணத்தை மூன்றாம் நபரிடமிருந்தே நேராகப் பிடித்துக்கொள்ளும் அதிகாரமும் துறைக்குக் கிடைத்தது. கெடு முடிந்தபின் துறை முன்போல் இருக்காது என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். மேலே போட்ட கணக்கில் இது 100 ரூபாய் விலை, 60 சதவீத வாய்ப்பு.

1993-இல் வந்தது வேறு மாதிரி. மறைத்த வருமானத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும். அப்போது அந்நாட்டின் உச்ச வருமான வரி விகிதம் 48 சதவீதம். விவரங்கள் வழக்கமான வரி அதிகாரிகளுக்குப் போகாமல், தனியாக நியமிக்கப்பட்ட ஒரு வசூல் அதிகாரியிடம் ரகசியமாகத் தங்கும். நேர்மையாகக் கட்டியவரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கட்டிவிட்டு முழுப் பாதுகாப்பு. 1988-இல் "இதுதான் கடைசி வாய்ப்பு" என்று நம்பி முழு வரியும் கட்டியவர் 1993-இல் தன்னை எப்படி நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு மலிவாகக் கொடுத்தும் எல்லோரும் வரவில்லை. வட்டி வரியிலிருந்து தப்பிக்க வெளிநாட்டில் வசிப்பவர் என்று பொய்யாக எழுதிக்கொடுத்துத் திறந்த வங்கிக் கணக்குகள் ஏராளமாக அப்படியே தொடர்ந்தன. 1999-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, துறை வங்கிகளின் பதிவேடுகளுக்குள் போன பிறகே அந்தக் கணக்குகளின் பணம் வெளியே வந்தது. கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் கொண்டுவந்ததை, 15 சதவீத விலையால் கொண்டுவர முடியவில்லை.

"இதுவே கடைசி" என்ற வாக்குறுதி

இந்தியாவில் 1997 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தாமாக முன்வந்து வருமானம் அறிவிக்கும் திட்டத்தில் தனிநபருக்கு 30 சதவீத வரி, கம்பெனிகளுக்கு 35. வட்டியோ அபராதமோ இல்லை. சுமார் 4.7 லட்சம் பேர் சுமார் 33,000 கோடி ரூபாயை அறிவித்தார்கள். அரசுக்கு வந்தது 9,700 கோடி ரூபாய்க்குப் பக்கத்தில். எண்ணிக்கையில் பெரிய வெற்றி.

விலையைப் பாருங்கள். அந்த ஆண்டு பட்ஜெட்டில்தான் உச்ச வருமான வரி விகிதம் 40-இலிருந்து 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மறைத்த வருமானமோ பழைய ஆண்டுகளைச் சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் நேர்மையாகக் கட்டியவர் 40 சதவீதமும் அதற்கு மேலும் கட்டியிருந்தார். மறைத்தவர், புதிய குறைந்த விகிதத்தில், வட்டியில்லாமல் கட்டினார்.

நகை விஷயம் இன்னும் சுவாரசியம். 1987-88 வரி மதிப்பீட்டு ஆண்டுக்கு முந்தைய ஆண்டுகளின் வருமானத்தில் வாங்கிய தங்கம், வெள்ளி என்று சொன்னால், அதை 1987 ஏப்ரல் 1-ஆம் தேதி விலையில் மதிப்பிடலாம். பத்து ஆண்டில் விலை நன்றாக ஏறியிருந்தது. பழைய விலை பாதி என்று வைத்துக்கொண்டால், இன்றைய 100 ரூபாய் நகைக்கு 50 ரூபாய் மதிப்பு, அதற்கு 30 சதவீதம், ஆக 15 ரூபாய் வரி. நகையை எப்போது வாங்கினார் என்று யாரால் நிரூபிக்க முடியும்? நேற்று வாங்கிய தங்கமும் தாத்தா காலத்துத் தங்கமாக மாறுவதற்குச் சட்டமே வழி விட்டது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பின்னர் இந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, இனி இப்படியொரு மன்னிப்புத் திட்டம் கொண்டுவரமாட்டோம் என்று அரசு உறுதியளித்தது. 2016-இல் வருமான அறிவிப்புத் திட்டம் வந்தது. இது மன்னிப்பே அல்ல, வரியோடு அபராதமும் வாங்குகிறோம் என்பது அரசின் விளக்கம். வெறும் வார்த்தை விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வரி 30 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரி 7.5, அபராதம் 7.5, ஆக 45 சதவீதம். 1997-ஐவிட விலை தெளிவாக ஒன்றரை மடங்கு. அதற்கடுத்து அதே ஆண்டு டிசம்பரில், பணமதிப்பிழப்பைத் தொடர்ந்து வந்த திட்டத்தில் 49.9 சதவீதம் கட்டி, அறிவித்த பணத்தில் 25 சதவீதத்தை நான்கு ஆண்டு வட்டியில்லாமல் அரசிடம் போட்டுவைக்கவும் வேண்டும். காத்திருந்தவருக்கு விலை ஏறியது, இறங்கவில்லை.

ஆனாலும் ஒன்று மிஞ்சுகிறது. வாக்குறுதி நீதிமன்றத்தில் கொடுத்ததாகவே இருந்தாலும், அடுத்து வரும் அரசுக்குப் பணமுடை வந்தால் புதுப் பெயரில் திட்டம் வரும் என்று மக்கள் கவனித்துவிட்டார்கள். எந்த நாட்டிலும் "இதுவே கடைசி" என்ற சொல்லுக்கு மதிப்பு குறைவாக இருப்பது இதனால்தான். இன்றைய நாடாளுமன்றம் நாளைய நாடாளுமன்றத்தின் கையைக் கட்ட முடியாது.

இந்தோனேசியா இன்னும் தெளிவான உதாரணம். 2016 ஜூலை முதல் 2017 மார்ச் வரை நடந்த திட்டத்தில், உள்நாட்டுச் சொத்துக்கோ நாட்டுக்குள் திரும்பக் கொண்டுவரும் சொத்துக்கோ, முதல் மூன்று மாதத்தில் வந்தால் நிகரச் சொத்து மதிப்பில் 2 சதவீதம், அடுத்த மூன்று மாதத்தில் 3, கடைசியில் 5. ஏறத்தாழ 10 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அறிவித்த சொத்து 4,800 லட்சம் கோடி ரூபியாவுக்கு மேல். உலகின் மிகப் பெரிய திட்டங்களில் ஒன்று. ஆனால் விலை மிகக் குறைவு என்பதால் அரசுக்குக் கிடைத்தது அதில் சிறு துண்டுதான். வெளிநாட்டிலிருந்து உண்மையில் திரும்பி வந்த பணமும் இலக்கைத் தொடவே இல்லை.

பிறகு 2022-இன் முதல் ஆறு மாதத்தில் இன்னொரு திட்டம். அதில் இரண்டு பிரிவுகள். ஒன்று, முந்தைய திட்டத்தில் கலந்துகொண்டும் அப்போது சொல்லாமல் விட்ட சொத்துக்கு. மற்றொன்று, 2016-இலிருந்து 2020 வரை சேர்த்து, கணக்கில் காட்டாத சொத்துக்கு. இரண்டாவது பிரிவை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பெரிய மன்னிப்பு நடந்துகொண்டிருந்தபோதும் அதற்குப் பிறகும் மறைத்ததற்கான மன்னிப்பு அது. இதில் விகிதம் 12 முதல் 18 சதவீதம், அதாவது பழையதைவிட அதிகம். அந்த வகையில் அரசு பாடம் கற்றிருந்தது. வந்தவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர். 2018-இலிருந்து நாடுகளுக்கு இடையே வங்கிக் கணக்கு விவரங்கள் தானாகப் பரிமாறப்பட்டதும் இதற்கு உதவியிருக்க வேண்டும்.

ஏறுமுக விலை

மீண்டும் மீண்டும் திட்டம் போட்டும் கெட்ட பழக்கத்தை உருவாக்காமல் இருக்க முடியுமா? அமெரிக்கா வெளிநாட்டு வங்கிக் கணக்கு விஷயத்தில் முயன்றது அதைத்தான். 2009-இல் முதல் திட்டம். பழைய வரி, வட்டி, வரிமேல் அபராதம் எல்லாம் கட்டியபின், கணக்கில் இருந்த உச்ச இருப்பில் 20 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2011-இல் 25 சதவீதம், 2012-இல் 27.5. பிறகு 2014-இல், விசாரணையில் இருப்பதாக வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட வங்கியில் கணக்கு வைத்திருந்தால் 50 சதவீதம் என்று உயர்த்தினார்கள். 2018 செப்டம்பரில் திட்டத்தை மூடினார்கள். இடையிடையே சுவிஸ் வங்கிகள்மீது நடவடிக்கை எடுத்து, வாடிக்கையாளர் பெயர்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுமார் 56,000 பேர் முன்வந்து, 1,110 கோடி டாலர் வசூலானது.

இங்கே கற்றுக்கொள்ளப்பட்ட பாடம் வேறு: காத்திருந்தால் விலை ஏறும், என் வங்கி மாட்டுவதற்குள் போய்விட வேண்டும். திட்டம் எத்தனை முறை வந்தது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் விலை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதே மக்கள் படிக்கும் செய்தி. பாகிஸ்தானில் 2018-இல் ஒன்று, 2019-இல் இன்னொன்று என்று ஒற்றை இலக்கச் சதவீதங்களில் அடுத்தடுத்து வந்த திட்டங்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

பொருளியலாளர் ஜேம்ஸ் ஆல்ம் குழுவினர் 1990 வாக்கில் ஆய்வுக்கூடத்தில், உண்மையான பணம் கொடுத்து, வரி கட்டும் விளையாட்டை நடத்திப் பார்த்தார்கள். நடுவில் மன்னிப்பு மட்டும் வந்தால் அதன்பின் நேர்மை குறைந்தது. மன்னிப்போடு தணிக்கையும் தண்டனையும் கூடினால் நேர்மை உயர்ந்தது. அதே ஆல்ம், வில்லியம் பெக் என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1985-இல் நடத்திய திட்டத்தின் வரி வசூல் தொடரை ஆராய்ந்தார். நீண்ட கால வசூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே பயமுறுத்தியவர்களும் ஏமாந்தார்கள், ஆசைப்பட்டவர்களும் ஏமாந்தார்கள்.

இந்த விஷயத்தில் அளவிடுவதே கஷ்டம். திட்டக் காலத்தில் வந்த பணத்தில் ஒரு பகுதி, திட்டம் இல்லாவிட்டாலும் சாதாரண வசூலில் வந்திருக்கும். இப்போது முன்கூட்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பகுதி, திட்டம் வரப்போகிறது என்ற வதந்தி கேட்டதும் கட்டாமல் நிறுத்திவைத்தவர்களின் பணம். அதைத் திட்டத்தின் வெற்றியாக எண்ணினால், நோயையே மருந்தின் கணக்கில் எழுதியதாக ஆகும். இதைத் தடுக்கத்தான் நல்ல திட்டங்களில், அறிவிப்புத் தேதிக்கு வெகு முன்னதாகவே முடிந்துபோன ஆண்டுகளின் வருமானத்துக்கு மட்டும் சலுகை என்று எல்லை போடுகிறார்கள். இந்தோனேசியாவின் முதல் திட்டம் 2015 முடிய இருந்த சொத்தோடு நின்றது அப்படித்தான்.

ஆகவே ஒரு திட்டம் பின்னால் ஏய்ப்பை வளர்த்ததா என்று தெரிந்துகொள்ள, திட்டம் முடிந்த அன்று வெளியாகும் மொத்தத் தொகை உதவாது. பார்க்க வேண்டியது கலந்துகொண்டவர்களின் அடுத்த மூன்று, நான்கு ஆண்டு ரிட்டர்ன்கள். ஒருவர் 100 ரூபாய் சொத்தை அறிவித்தாரென்றால், அது அடுத்த ஆண்டிலிருந்து வட்டியோ வாடகையோ லாபமோ ஈட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருமானம் ரிட்டர்னில் வந்திருக்கிறதா? வராவிட்டால் அவர் பழைய பணத்தை வெள்ளையாக்கினார், புதுப் பணத்தை மறுபடி மறைக்கிறார் என்று பொருள். அடுத்த திட்டம் வரும்போது அதே பெயர்கள் எத்தனை திரும்ப வந்தன என்பது இரண்டாவது சோதனை. இதைச் செய்ய, திட்டத்தின் விவரங்களை வழக்கமான மதிப்பீட்டு அதிகாரி பார்க்க முடிய வேண்டும். ரகசியம் காப்போம் என்று சொல்லி அந்தக் கதவையே பூட்டிவிடும் திட்டங்களில், இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.